மறுபடி ரெண்டர் செய்யாமல் நிழலைத் திருத்துவது

மர மேசைமேல் ஒரு பீங்கான் கோப்பை, பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் ரெண்டரரான சைக்கிள்ஸில் 250 பிரேம் அனிமேஷன். ஒரு பிரேமுக்கு 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், எல்லாம் முடிய கிட்டத்தட்ட 42 மணி நேரம் ஆகும். முடிந்த பிறகு, "நிழல் ரொம்பக் கருப்பா இருக்கு, கோப்பை விளிம்பில் பளபளப்பும் அதிகம்" என்று இயக்குநர் சொல்கிறார். ஒளியின் பகுதிகளைத் தனித்தனிப் படங்களாக வைத்திருக்கும் பாஸ்களையும் சேர்த்துச் சேமித்திருந்தால், அவற்றை ஒன்றாக இணைக்கும் காம்போசிட்டிங்கிலேயே இந்த இரண்டையும் சரிசெய்துவிடலாம்.

ஒளிக்குக் கூடும் குணம் உண்டு. ஒரு பிக்சலுக்கு வந்து சேரும் வெளிச்சம் பல வழிகளில் வந்த வெளிச்சங்களின் கூட்டுத்தொகைதான். ரெண்டரர் அந்தக் கூட்டலைச் செய்து ஒரே படமாகத் தருகிறது. கேட்டால், கூட்டுவதற்கு முந்தைய பகுதிகளைத் தனித்தனிப் பாஸ்களாகவும் தரும். சைக்கிள்ஸில் கணக்கு இப்படி அமைகிறது:

```
Combined = DiffCol  * (DiffDir  + DiffInd)
         + GlossCol * (GlossDir + GlossInd)
         + TransCol * (TransDir + TransInd)
         + Emit + Env
```

டிஃப்யூஸ் என்பது பரப்பில் பட்டு எல்லாத் திசையிலும் சிதறும் ஒளி, க்ளாஸி என்பது பளபளப்பு. Trans என்பது கண்ணாடி போன்ற பொருளை ஊடுருவி வரும் ஒளி, Emit என்பது தானாக ஒளிரும் பொருளின் ஒளி, Env என்பது பின்னணியாகத் தெரியும் சுற்றுப்புறம். Col என்பது பொருளின் நிறம். Dir என்றால் விளக்கிலிருந்து நேராக வந்த ஒளி, Ind என்றால் வேறெங்கோ பட்டுத் திரும்பி வந்த ஒளி. நிழலைத் திருத்தும் வழி இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. நிழல் விழுந்த இடத்தில் நேர் ஒளி ஏறக்குறைய இல்லை, அங்கே நமக்குத் தெரிவதெல்லாம் திரும்பி வந்த ஒளிதான்.

எண்களை வைத்துப் பார்ப்போம். மேசையின் நிறம் 0.6. நிழலில் உள்ள ஒரு பிக்சலில் நேர் ஒளி 0.02, திரும்பிய ஒளி 0.10, பெருக்கினால் 0.072. வெயில் படும் பிக்சலில் நேர் ஒளி 0.90, திரும்பிய ஒளி அதே 0.10; விடை 0.60. இப்போது DiffInd பாஸை மட்டும் 2 ஆல் பெருக்குங்கள். நிழல் 0.132 ஆகிறது, அதாவது 83 சதவீதம் கூடுகிறது. வெளிச்சமான இடம் 0.66 ஆகி, 10 சதவீதம்தான் கூடுகிறது. முடிந்த படத்தின் பிரகாசத்தைக் கூட்டினால் இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறும், மேசை வெளிறிப்போகும்.

பளபளப்புக்கும் இதே வழிதான். கோப்பை விளிம்பில் டிஃப்யூஸ் 0.6, க்ளாஸி 1.8, மொத்தம் 2.4 என்று இருக்கட்டும். க்ளாஸியை மட்டும் 0.4 ஆல் பெருக்கினால் மொத்தம் 1.32. கோப்பையின் நிறம் அப்படியே இருக்கும், மேலே மின்னுவது மட்டும் அடங்கும்.

இதெல்லாம் நடக்க, கோப்பு லீனியர் எண்களை, அதாவது ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் உள்ள எண்களை, வைத்திருக்க வேண்டும். 1.0 க்கு மேற்பட்ட மதிப்பும் அதில் நிற்க வேண்டும். அதனால்தான் மல்டிலேயர் ஓப்பன்இஎக்ஸ்ஆர் கோப்பு தேவைப்படுகிறது. பிஎன்ஜியில் சேமித்தால் திரையில் காட்டுவதற்காக எண்களை மாற்றும் ஏஜிஎக்ஸ் போன்ற வியூ டிரான்ஸ்ஃபார்ம் ஏற்கெனவே படத்துக்குள் கலந்திருக்கும். அந்த எண்களைக் கூட்டினால் சரியான படம் திரும்பி வராது. எதையும் மாற்றுவதற்கு முன்பு ஒரு சோதனை செய்துவிடுங்கள்: பாஸ்களைக் கூட்டி, அதை Combined படத்தோடு Mix நோடின் Difference முறையில் ஒப்பிடுங்கள். முழுக் கருப்பு வந்தால் கணக்கு சரி. காட்சியில் கண்ணாடி டம்ளரும் இருந்து, அது இருக்கும் இடம் மட்டும் தெரிந்தால் Trans பாஸ்களை விட்டிருக்கிறீர்கள்.

அடிக்கடி வரும் தொல்லை இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளிகள். ரெண்டர் செய்யும்போது அவற்றை நீக்கும் டீநாய்ஸ் போட்டிருந்தாலும் அது Combined படத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது, பாஸ்கள் புள்ளி புள்ளியாகவே இருக்கும். DiffInd ஐ இரட்டித்தால் அந்தப் புள்ளிகளும் இரட்டிக்கும். DiffDir, DiffInd இரண்டையும் நிறத்தோடு பெருக்குவதற்கு முன்பே Denoise நோடில் விட்டு எடுப்பது நல்லது. நிறப் பாஸில் உள்ள மர ரேகை அப்போது மழுங்காமல் தப்பிக்கும்.

சரி, இந்த முறை எங்கே தோற்கும்? மேசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருந்தால் அதில் மேசையின் நிழலும் பிரதிபலிக்கும். அந்தப் பிரதிபலிப்பு க்ளாஸி பாஸைச் சேர்ந்தது. நீங்கள் DiffInd ஐ உயர்த்தினால் மேசையில் நிழல் இளகும், கண்ணாடிக்குள் மட்டும் பழைய கருப்பு நிற்கும். அங்கே லைட் குரூப்தான் கை கொடுக்கும். பிளெண்டர் 3.2 முதல் உள்ள இந்த வசதி Combined படத்தை விளக்குக் குழு வாரியாகத் தனித்தனிப் பாஸ்களாகப் பிரிக்கிறது. ஒரு விளக்கு மட்டும் உள்ள குழுவின் பாஸை 2 ஆல் பெருக்குவதும், அந்த விளக்கின் சக்தியை இரட்டித்து மறுபடி ரெண்டர் செய்வதும் கணக்கில் ஒன்றுதான், கண்ணாடிக்குள் தெரிவதும் சேர்த்து. ஆனால் குழுக்களை ரெண்டருக்கு முன்பே பிரித்து வைக்க வேண்டும். காட்சியைச் சுற்றியிருந்து வரும் வேர்ல்டு வெளிச்சத்துக்கும் ஒரு குழு கொடுங்கள். கொடுக்காவிட்டால் அதன் வெளிச்சம் எந்தக் குழுவிலும் இருக்காது, கூட்டிய படம் இருட்டாக வரும்.