அட்டையில் ஆண்டை எழுதாதீர்கள்

மனிதன் நிலாவில் கால் வைத்தது எப்போது என்று கேட்டால், மூன்றாம் வகுப்பில் படிக்கும் அந்த எட்டு வயதுப் பெண் தூக்கத்தில்கூட 1969 என்பாள். "அப்போது உன் பாட்டி பிறந்திருந்தாரா?" என்று கேட்டேன். "இல்லை மிஸ், அது ரொம்பப் பழைய காலம். பாட்டி வீட்டில்தானே இருக்காங்க!" பாட்டி பிறந்தது 1960-இல். இந்தப் பருவத்தில் இப்படிச் சொன்ன நான்காவது பிள்ளை இவள்.

ஆண்டுகள் மனப்பாடமானால் வரலாறு வந்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நினைத்துக்கொண்டு, காலக்கோடு பாடத்தின் முதல் நாளே அட்டைகளில் ஆண்டைப் பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளைகளும் வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். அவர்கள் அடுக்கியது எண்களை. நிகழ்ச்சிகளை அல்ல. சந்தேகமிருந்தால் எண்ணை மறைத்துவிட்டு மறுபடி அடுக்கச் சொல்லுங்கள், பாதி வகுப்பு விழிக்கும். போன வாரம் நடந்ததையும் போன வருடம் நடந்ததையும் "நேத்து" என்று சொல்லும் வயது இது. அவர்களுக்கு 1969 என்பது ஒரு காலமில்லை, வெறும் எண்.

வகுப்பில் எல்லோரும் பார்த்த நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்குங்கள். ஐந்து படங்கள் போதும். சுற்றுலா போனது முன்னாலா, புது மேசைகள் வந்தது முன்னாலா? சண்டை வரட்டும். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். "சுற்றுலாப் படத்தில் உனக்கு முன்பல் இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். சான்று தேடும் பழக்கம் அங்கேதான் வருகிறது.

அடுத்து குடும்பம். இங்கே ஒரு வேண்டுகோள்: குழந்தைப் பருவப் படம் எல்லா வீட்டிலும் இருக்காது, எல்லாக் கதையையும் வகுப்பில் சொல்லவும் முடியாது. எந்த நிகழ்ச்சி என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். வரைந்து கொண்டுவந்தாலும் சரி.

வரிசை பிடிபட்ட பிறகுதான் கயிறு. ஓர் ஆண்டுக்கு 10 செ.மீ. என்று முடிச்சுப் போடுங்கள். தயவுசெய்து அட்டைகளை அழகுக்காகச் சம இடைவெளியில் மாட்டாதீர்கள். தம்பி பிறந்ததற்கும் பாட்டி பிறந்ததற்கும் நடுவே ஒரு சாண்தான் என்று பிள்ளை படித்துக்கொள்ளும். அப்புறம் அதை அழிப்பது பெரும்பாடு. கயிறு வகுப்பறையைத் தாண்டி வராந்தாவுக்குப் போனால் போகட்டும்.

அந்தப் பெண்ணின் எட்டு வயது 80 செ.மீ.யில் முடிந்துவிட்டது. பாட்டியின் அட்டையை மாட்ட ஆறு மீட்டருக்கு மேல் நடந்து வராந்தாவுக்குப் போனாள். அப்புறம்தான் நிலா அட்டையைக் கையில் கொடுத்தேன். பாட்டியின் முடிச்சிலிருந்து இந்தப் பக்கமாக ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்து, ஒன்பதாவது முடிச்சில் நின்றுவிட்டாள்.

"மிஸ், அப்போ பாட்டி என்னைவிட ஒரு வயசுதான் பெரியவங்களா?"