டே கேர் கட்டணத்தை அம்மாவின் சம்பளத்தில் மட்டும் கழிக்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் வரிக் கணக்கும் பி.எஃப். வேலையும் பார்க்கிறேன். வேலையை விட்டுவிட்டு பி.எஃப். பணத்தை எடுக்க வரும் இளம் அம்மாக்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "டே கேருக்குக் கொடுத்தது போக கையில ஒண்ணும் நிக்கல சார்." போன வாரமும் ஒருவர் வந்தார். ரிலீவிங் கடிதம் வாங்கிய பிறகு வந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் அக்கவுண்ட்ஸ் வேலை. மொத்தச் சம்பளம் 22,000, அதில் அடிப்படை 15,000. பி.எஃப். 1,800 பிடித்தது போகக் கைக்கு வருவது 20,200. குழந்தைக்கு ஒன்றரை வயது. கணவருக்கு மதுக்கரையில் ஒப்பந்த வேலை, சம்பளம் 30,000. மாமியாருக்கு மூட்டுவலி, ஓடும் குழந்தையைப் பார்க்க முடியாது. வீட்டில் போட்ட கணக்கை ஒரு நோட்டுத் தாளில் கொண்டுவந்திருந்தார். டே கேர் 8,500, கொண்டுவிட ஆட்டோ 2,400, தாமதமானால் கூடுதல் கட்டணம் சராசரி 600, இவருடைய பஸ், மதியச் சாப்பாடு 2,000. ஆக 13,500. மிச்சம் 6,700. "ஆறாயிரத்துக்காக புள்ளைய அழவிட்டுப் போகணுமான்னு வீட்ல கேட்டாங்க சார்" என்றார்.

கூட்டல் கழித்தலில் பிழையில்லை. டே கேர் செலவை எந்தச் சம்பளத்தில் கழித்தார்கள் என்பதில்தான் பிழை. குழந்தை இரண்டு பேருக்கும் பிறந்தது. வீட்டு வாடகையை யாரும் அம்மாவின் சம்பளத்தில் மட்டும் கழித்து "இனி வேலை எதற்கு" என்று கேட்பதில்லை. டே கேர் கட்டணத்தை மட்டும் ஏன் அப்படிக் கழிக்கிறோம்? இந்த வீட்டின் வருமானம் 50,200. இவருடைய பஸ்ஸையும் சாப்பாட்டையும் தள்ளினால் குழந்தைக்கான செலவு 11,500. இரண்டு பேரும் வேலை பார்க்கும் வீட்டுக்கு இது பாரம்தான், ஆனால் தற்காலிகப் பாரம். மூன்று வயதில் நர்சரிக்கோ அங்கன்வாடிக்கோ போகும்போது முழுநாள் டே கேர் தேவை குறைந்துவிடும். அதற்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் இருந்தது. வேலை போனால் அது ஒன்றரை வருடத்தில் தானாகத் திரும்பி வராது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும், அடுத்து வருபவரும் அதே தாளோடுதான் வருகிறார். கணவருடைய சம்பளம் அந்தத் தாளில் ஒரு வரியாகக்கூட இருப்பதில்லை.

இனி அந்த 6,700ஐப் பார்ப்போம். பிடித்த 1,800 செலவல்ல, அவருடைய சேமிப்பு. முதலாளி இன்னொரு 1,800 போடுகிறார். அதில் 1,250 பென்ஷன் திட்டத்துக்கும் மீதி 550 பி.எஃப். கணக்குக்கும் போகிறது. இவை இரண்டும் சேர்ந்தால் 10,300. கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் மாமியார் உட்பட எல்லோரும் இருந்தார்கள். அதே அளவு பாலிசிக்கு வெளியே வருடம் 24,000 கேட்டிருக்கிறார்கள், மாதத்துக்கு 2,000. கணவர் ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் அவர் பக்கம் காப்பீடு கிடையாது. வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டி மாதத்துக்குச் சுமார் 720. மொத்தம் 13,020. வீட்டுக் கணக்கில் விட்டுப்போன ஒரு செலவையும் நான் சேர்த்தேன். டே கேர் போகத் தொடங்கிய சில மாதங்களுக்குக் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் மாறி மாறி வரும். டே கேரில் அந்த நாட்களுக்கும் பணம் வாங்குவார்கள், அம்மாவுக்குச் சம்பளமும் பிடிபடும். மாதம் இரண்டு நாள் என்று வைத்தால் சுமார் 1,500. அதையும் கழித்தால் நிற்பது 11,500க்குக் கொஞ்சம் மேல். ஆறாயிரத்துச் சொச்சம் என்று நினைத்து விட்ட வேலை அது.

வேலையை விட்டால் வரி மிச்சமாகும் என்று சிலர் சொல்கிறார்கள். நம் நாட்டில் கணவன் மனைவிக்கு வரி தனித்தனி. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை. இந்தச் சம்பளத்தில் மிச்சமாக எதுவுமில்லை.

எனக்கு மனம் ஆறாதது கிராஜுவிட்டிதான். 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால் அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்கித் தருவார்கள். இவருக்கு அது 43,269 ரூபாய். இவர் விட்டபோது 4 வருடம் 7 மாதம். மகப்பேறு விடுப்பின் 26 வாரமும் பணிக்காலத்தில் சேரும். அதைச் சேர்த்துத்தான் இந்த 7 மாதம். நான்கு வருடத்துக்கு மேல் 240 நாள் வேலை இருந்தால் ஐந்தாம் வருடம் முடிந்ததாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பல கம்பெனிகள் வழக்குப் போடாமல் அதை ஏற்பதில்லை. இவருக்கு அந்த 240க்கும் கிட்டத்தட்ட ஒரு மாதம் குறைவு. ராஜினாமாவுக்குப் பதில் சம்பளமில்லா விடுப்பு கேட்டிருக்கலாம். கம்பெனி அனுமதித்த விடுப்பு பணித்தொடர்ச்சியை முறிக்காது. கேட்டீர்களா என்றேன். "அப்படி கேக்கலாம்னே தெரியாது சார்."

இன்னொன்றும் யாரும் கேட்பதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017இல் சட்டத்தில் சேர்த்தார்கள். அம்மா நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரவும் உரிமை உண்டு. கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் உங்கள் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பதோடு முடிந்துவிடும்.

வீட்டில் இருப்பதுதான் சரி என்று நானே சொல்லி அனுப்பிய கணக்குகளும் உண்டு. இரண்டு குழந்தைகள் இருந்து இரண்டும் கைக்குழந்தை என்றால், பி.எஃப்., காப்பீடு இல்லாத தினக்கூலி மாதிரியான வேலை என்றால், டே கேர் 5.30க்கு மூடும் ஊரில் வேலை 8 மணி வரை நீளும் என்றால், எண்களே வேறு பதில் சொல்லும். குழந்தைக்கு அடிக்கடி இழுப்பு வந்து டாக்டரே கொஞ்ச நாள் வீட்டில் வையுங்கள் என்றால் அதில் கணக்குக்கே இடமில்லை. வீட்டில் இருக்க அம்மா ஆசைப்படுகிறார், வீடும் தாங்கும் என்றாலும் இருக்கட்டும். கணவன் மனைவி இருவரில் யார் இருப்பது என்பதையும் இரண்டு பே ஸ்லிப்பையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். இவர்கள் வீட்டில் காப்பீடும் பி.எஃப்.பும் அம்மாவின் வேலையில்தான் இருந்தன.

கடிதம் கொடுக்கும் முன் தயவுசெய்து யாரிடமாவது காட்டுங்கள். பே ஸ்லிப், நியமனக் கடிதம், காப்பீட்டு அட்டை மூன்றும் போதும். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கடைசி நாளுக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் குழு பாலிசியிலிருந்து தனி பாலிசிக்கு மாற்றித் தரக் கேளுங்கள். புதிதாக எடுத்தால் மாமியாரின் பழைய நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்க வேண்டி வரும், மாற்றினால் கழிந்த காலம் கணக்கில் சேரும். பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். 5 வருடத்துக்குள் எடுத்தால் அது வரிக்குட்பட்ட வருமானம். பென்ஷன் பங்கை எடுத்தால் அந்தப் பணிக்காலமே அழிந்துவிடும், பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும். எடுக்காமல் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்தால் அடுத்த வேலையின் வருடங்களோடு சேரும். அந்த அம்மாவின் பணத்தை எடுக்கும் விண்ணப்பத்தை நிறுத்திவிட்டு, சான்றிதழுக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.