படம் கிடைத்தது, பெயர் எங்கே போனது?

காவேரிப்பட்டணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். ஒரு கல்யாணத்தின் படங்கள் இருந்த 32 ஜிபி மெமரி கார்டை, எல்லாவற்றையும் கணினிக்கு ஏற்றியாகிவிட்டது என்று எண்ணி, உதவியாளர் கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிட்டார். ஒரு மீட்பு மென்பொருளின் க்விக் ஸ்கேன் சில விநாடிகளில் முடிந்து, கார்டில் எதுவும் இல்லை என்றது. இன்னொரு மென்பொருளின் டீப் ஸ்கேன் வெகுநேரம் ஓடிப் படங்களைக் கொட்டியது. ஆனால் IMG_4127.JPG என்று இருந்திருக்க வேண்டிய படம் f3216256.jpg என்று வந்து நிற்கிறது. முகூர்த்தப் படங்களுக்கு நடுவே, போன வருஷம் தீர்த்தமலையில் எடுத்த படங்களும் கலந்து கிடக்கின்றன. "படத்தையே மீட்கத் தெரிந்த மென்பொருளுக்கு அதன் பெயரை மட்டும் ஏன் மீட்கத் தெரியவில்லை?" என்று கேட்கிறார்.

பெயர் ஒருநாளும் அந்தப் படத்துக்குள் இருந்ததில்லை. நிலம் ஊரில் கிடக்கிறது, அது யாருடையது என்ற விவரம் தாலுகா அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. கோப்பின் கதையும் அதுதான். க்விக் ஸ்கேன் பதிவேட்டை மட்டும் படிக்கிறது. டீப் ஸ்கேன் பதிவேட்டை நம்பாமல் நிலம் முழுவதையும் அளக்கிறது.

32 ஜிபி வரையுள்ள கார்டுகள் வழக்கமாக ஃபேட்32 என்ற முறையில் அமைக்கப்படுகின்றன. கார்டின் இடம் கிளஸ்டர் எனப்படும் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்படும். நம் வாசகருடைய கார்டில் ஒரு கிளஸ்டர் 32 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவுக் கார்டுகளில் அதுதான் பரவலாகக் காணப்படுவது. ஒவ்வொரு படத்துக்கும் அதன் ஃபோல்டரில் 32 பைட் நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. அதில் 8 பைட் பெயருக்கு, 3 பைட் JPG போன்ற பின்னொட்டுக்கு. மீதியில் தேதி, நேரம், படம் தொடங்கும் கிளஸ்டரின் எண், படத்தின் அளவு ஆகியவை இருக்கும். கேமராக்கள் இன்றும் படங்களுக்கு எட்டு எழுத்துக்குள் பெயர் வைப்பதால் இந்தச் சிறு பதிவு ஒன்றே போதுமானதாக இருக்கிறது. தொடங்கும் கிளஸ்டருக்கு அடுத்தது எது, அதற்கடுத்தது எது என்ற சங்கிலி மட்டும் கார்டின் முன்பகுதியிலுள்ள தனி அட்டவணையில் எழுதப்படுகிறது.

நம் படத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பதிவில் தொடக்கம் 50,000-ஆவது கிளஸ்டர் என்றும், அளவு 62,50,000 பைட் என்றும் இருந்தது எனக் கொள்வோம். 32,768-ஆல் வகுத்தால் அந்தப் படத்துக்கு 191 கிளஸ்டர் வேண்டும். கடைசிக் கிளஸ்டர் மட்டும் முழுதாக நிரம்பியிருக்காது.

உதவியாளர் இந்த ஒரு படத்தை மட்டும் அழித்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். அழிக்கும்போது அந்தப் பதிவின் முதல் பைட்டில் E5 என்ற குறி எழுதப்படுகிறது. சங்கிலி அட்டவணையில் அந்த 191 இடங்களும் பூஜ்யமாக்கப்படுகின்றன. படத்தை யாரும் தொடுவதில்லை. பதிவின் மற்ற 31 பைட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். க்விக் ஸ்கேன் ஃபோல்டரைத் திறந்து, E5 குறியுள்ள பதிவுகளைப் பொறுக்கி, "50,000-இலிருந்து வரிசையாக 191 கிளஸ்டரை எடு" என்று வேலையை முடித்துவிடும். அப்படி மீண்ட படத்தின் பெயர் _MG_4127.JPG என்று முதலெழுத்து இல்லாமல் வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்தின் மேல்தான் E5 உட்கார்ந்துவிட்டது.

ஃபார்மட் வேறு விதமாக நடக்கிறது. சங்கிலி அட்டவணை முழுதும் பூஜ்யமாகிறது. எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே இருக்கும் மூல ஃபோல்டரும் துடைக்கப்படுகிறது. DCIM என்ற ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பதிவு மூல ஃபோல்டரில்தான் இருந்தது. அது போனதும் க்விக் ஸ்கேன் கால் வைக்கும் முதல் படியே இல்லாமல் போகிறது. அதனால்தான் அது சில விநாடிகளில் கைவிரித்தது.

ஆனால் கவனியுங்கள்: படங்களின் பெயர்ப் பதிவுகள் மூல ஃபோல்டரில் இல்லை. அவை DCIM-க்குள் இருக்கும் 100CANON போன்ற உள் ஃபோல்டரில் இருக்கின்றன. அந்த ஃபோல்டரும் ஒரு படத்தைப் போலவே கார்டின் நடுவில் ஒரு கிளஸ்டரில் குடியிருக்கிறது. ஃபார்மட் அதைத் தேடிப்போய் அழிப்பதில்லை. அப்படியானால் பெயர்கள் பிழைத்திருக்க வேண்டுமே?

பிழைத்திருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஃபேட்32-இன் ஒவ்வொரு உள் ஃபோல்டரும் இரண்டு சிறப்புப் பதிவுகளோடு தொடங்குகிறது. முதல் பதிவின் பெயர் ஒற்றைப் புள்ளி. அதில் அந்த ஃபோல்டர் தான் இருக்கும் கிளஸ்டரின் எண்ணையே எழுதி வைத்திருக்கும். இரண்டாவதன் பெயர் இரட்டைப் புள்ளி. அதில் தாய் ஃபோல்டரின் எண் இருக்கும். பதிவேடு முழுக்க எரிந்துபோனாலும், ஒவ்வொரு ஃபோல்டரும் தன் முகவரியையும் தாயின் முகவரியையும் நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்கிறது. நல்ல மீட்பு மென்பொருள் டீப் ஸ்கேனின்போது இந்த இரட்டைப் பதிவுகளைத் தேடுகிறது. ஒன்று சிக்கினால் அதன் கீழுள்ள பெயர், தொடக்கம், அளவு எல்லாம் ஒரே பிடியில் கிடைத்துவிடும். டீப் ஸ்கேன் என்றாலே பெயர் போய்விடும் என்று நினைப்பது சரியல்ல.

பின் ஏன் நம் வாசகருக்குக் கிடைக்கவில்லை? ஃபார்மட் நடந்த இடம் கேமரா என்பதால். பல கேமராக்கள் ஃபார்மட் முடிந்த கையோடு DCIM ஃபோல்டரையும் அதற்குள் ஓர் உள் ஃபோல்டரையும் புதிதாக உருவாக்கிவிடுகின்றன. வெறும் கார்டில் முதலில் காலியாக இருக்கும் கிளஸ்டர்களை அவை எடுத்துக்கொள்ளும். போன தடவை ஃபார்மட் செய்தபோதும் அதே கேமரா அதே கிளஸ்டர்களைத்தான் எடுத்திருக்கும். ஆகவே புதிய ஃபோல்டர் பழைய ஃபோல்டரின் தலைமேலேயே எழுதப்படுகிறது. 32 கிலோபைட் கிளஸ்டர் ஒன்றில் 32 பைட் பதிவுகள் 1,024 அடங்கும். புள்ளிப் பதிவுகள் இரண்டைக் கழித்தால் 1,022. ஃபோல்டரின் முதல் 1,022 படங்களின் பெயர்கள் அப்படி ஒருமுறை எழுதியதிலேயே அழிந்துபோகின்றன. அவற்றுக்குப் பின் எடுத்த படங்களின் பெயர்கள் வேறொரு கிளஸ்டரில், படங்களுக்கு நடுவே, பத்திரமாக இருக்கக்கூடும். ஆனால் அந்தக் கிளஸ்டரின் தொடக்கத்தில் புள்ளிப் பதிவுகள் இல்லாததால் அது ஃபோல்டர் என்று கண்டுகொள்வது கடினம். இதே கார்டைக் கணினியில் க்விக் ஃபார்மட் செய்திருந்தால் DCIM மறுபடி உருவாகியிருக்காது. பெயர்களோடு மீள நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்.

பெயர் போன பிறகு டீப் ஸ்கேனுக்கு எஞ்சியிருப்பது படத்தின் உடல் மட்டுமே. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் FF D8 FF என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்கும். மென்பொருள் கார்டின் முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட் வரை இந்தத் தொடக்கத்தைத் தேடுகிறது. அதனால்தான் அத்தனை நேரம் பிடிக்கிறது. தீர்த்தமலைப் படங்கள் கலந்து வந்ததும் இதனால்தான்: முந்தைய ஃபார்மட்டுக்குப் பின் கல்யாணப் படங்கள் எட்டாத இடத்தில் அவை அழியாமல் கிடந்திருக்கின்றன. பைட்டுகளை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்குப் போன வருஷமும் இந்த வருஷமும் ஒன்றுதான்.

f3216256.jpg என்ற பெயர் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளின் வழக்கம். அந்த எண் கண்டபடி வைத்ததல்ல. கார்டில் கோப்புகளுக்கென வகுத்த பகுதியான பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் படம் எந்த செக்டரில் தொடங்குகிறது என்பதே அது. ஒரு செக்டர் 512 பைட்; ஒரு கிளஸ்டரில் 64 செக்டர். கிளஸ்டர் எண்கள் 2-இலிருந்து தொடங்குவதால் 49,998-ஐ 64-ஆல் பெருக்க வேண்டும்: 31,99,872. இந்தக் கார்டில் அட்டவணைகளுக்காக முன்பகுதியில் ஒதுக்கிய இடம் 16,384 செக்டர் என்றால், கூட்டினால் 32,16,256 வருகிறது. பெயர் தெரியாதபோது முகவரியையே பெயராக வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. காலிக் கார்டில் கேமரா பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக எழுதிக்கொண்டே போவதால், எண் வரிசையே ஏறக்குறைய எடுத்த வரிசையாகவும் அமைந்துவிடும்.

சிக்கல் எழுவது படம் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இல்லாதபோது. மண்டபத்திலேயே நடுநடுவே சில படங்களை அழித்துவிட்டுத் தொடர்ந்து எடுத்தால், கார்டு நிரம்பும் நேரத்தில் புதிய படங்கள் அந்தப் பொந்துகளில் துண்டு துண்டாக நுழையும். துண்டுகளை இணைத்த சங்கிலி ஃபார்மட்டில் போய்விட்டது. மீண்ட படத்தின் மேல்பாதியில் மாப்பிள்ளை தெளிவாக இருந்து, கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவோ வண்ணக் கோடுகளாகவோ இருந்தால் காரணம் இதுதான். அமெரிக்க ஆய்வாளர் சிம்சன் கார்ஃபிங்கெல் பழைய சந்தையில் வாங்கிய முந்நூறுக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்குகளை ஆராய்ந்து 2007-இல் எழுதிய கட்டுரையில், அவற்றிலிருந்த ஜேபெக் படங்களில் சுமார் 16 சதவீதம் இப்படித் துண்டுபட்டிருந்ததாகக் கண்டார். இரண்டு துண்டானவற்றை ஒட்டவும் ஒரு வழி சொன்னார். பழைய டிஸ்குகளும் பொறுமையும் இருந்தால் செய்யக்கூடிய ஆராய்ச்சி இது. நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டங்களுக்குக் கடையில் செய்து வைத்ததை வாங்கி ஒப்படைப்பதற்குப் பதிலாக, கல்லூரிகள் ஒரு பெட்டி பழைய டிஸ்குகளை வாங்கிக் கொடுக்கலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே கைவிட வேண்டும். விலையுயர்ந்த மென்பொருளை ஓட்டினால், மேலே எழுதப்பட்டதற்கு அடியிலுள்ள பழைய பெயர்களும் வெளிவரும் என்று சில கடைகளில் சொல்கிறார்கள். மெமரி கார்டைப் படிக்கும் எந்த மென்பொருளுக்கும் அப்படி ஓர் அடிப்படலம் தெரிவதில்லை. எல்லாமே கார்டு தரும் அதே பைட்டுகளைத்தான் படிக்கின்றன. வேறொரு மென்பொருளை முயல்வதில் பயன் உண்டு, ஆனால் அது புள்ளிப் பதிவுகளைத் தேடும் வகையாக இருந்தால் மட்டுமே. முயலும்வரை கார்டின் பூட்டுப் பொத்தானைப் போட்டு வையுங்கள். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள்.

வாசகருக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. கோப்பின் பெயர் படத்துக்குள் இல்லையென்றாலும், எடுத்த நேரத்தைக் கேமரா எக்ஸிஃப் என்ற பகுதியில் படத்தின் உள்ளேயே எழுதியிருக்கிறது. எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி அந்த நேரத்தையே பெயராக மாற்றித் தரும். முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ஃபோட்டோரெக் உருவாக்கிய ஃபோல்டர் ஒவ்வொன்றின் மேலும் இதை ஓட்டுங்கள்:

```
exiftool "-FileName<DateTimeOriginal" -d "%Y%m%d_%H%M%S%%-c.%%e" recup_dir.1
```

தீர்த்தமலைப் படங்கள் தேதியால் தனியாக ஒதுங்கிவிடும். முகூர்த்தம் முகூர்த்த நேரத்தில் வந்து நிற்கும். சில கேனான் கேமராக்கள் படத்துக்குள் 100-4127 என்ற வடிவில் கோப்பு எண்ணையும் ஒளித்து வைக்கின்றன. `exiftool -FileNumber` என்று கேட்டு எண் வந்தால், 100 ஃபோல்டரைக் குறிக்கும், 4127 பழைய பெயரின் எண். கல்யாணத்துக்கு இரண்டு கேமராக்கள் எடுத்துச் சென்றிருந்தால் மட்டும், பெயர் மாற்றும் முன் இரண்டின் கடிகாரங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வித்தியாசம் இருந்தாலும் ஆல்பத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே அட்சதை விழும்.