கண்ணுக்கு எழுதிய குறிப்பைக் காதுக்கு மாற்றி எழுதுவது

மருத்துவப் படிப்பின் முதலாண்டு உடலியங்கியல் நோட்டில், சிறுநீரகம் இரத்தத்தை எப்படி வடிகட்டுகிறது என்ற பகுதி ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஒரு சமன்பாடு, நாலைந்து எண்கள், மேலும் கீழும் போகும் அம்புக்குறிகள். பரீட்சைக்கு முந்தைய வாரம் மாணவர்கள் அந்தப் பக்கத்தை அப்படியே வாசித்து போனில் பதிவு செய்து, பேருந்தில் கேட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் குரல் ஒரு பக்கம் ஓட, மனம் வேறு பக்கம் போய்விடுகிறது. கவனம் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோளாறு எழுத்தில் இருக்கிறது.

தாளில் படிக்கும்போது புரியாத இடத்துக்குக் கண் தானாகவே திரும்பிப் போகும். காதால் அப்படிப் போக முடியாது. கேட்ட சொற்களை அதே வரிசையில் மனதில் நிறுத்திவைக்கும் இடமும் சின்னது. சுமார் இரண்டு வினாடிக்குள் சொல்லி முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் அதில் சொற்கள் நிற்கும் என்று உளவியலாளர் ஆலன் பேட்லியும் அவருடைய சகாக்களும் 1975-இல் காட்டினார்கள். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். நோட்டில் உள்ள இந்த வரியைப் பாருங்கள்:

"அஃபெரன்ட் ஆர்டீரியோல் சுருங்குவதால் குளோமெருலஸ் தந்துகிகளுக்குள் நுழையும் இரத்தத்தின் அளவு குறைந்து, அதனால் ஏற்படும் அழுத்த வீழ்ச்சியின் காரணமாக வடிகட்டல் வீதம் குறைகிறது."

தாளில் இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வடிகட்டல் கூடுகிறதா குறைகிறதா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. அதுவரை வந்த அத்தனையையும் கேட்பவர் சுமந்துகொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு ஹாரன் அடித்தால் சுமை மொத்தமும் சரிந்துவிடும். இதையே காதுக்கு எழுதினால்:

"அஃபெரன்ட் சுருங்குகிறது. அஃபெரன்ட் என்றால் உள்ளே வரும் குழாய். உள்ளே வரும் குழாய் சுருங்கினால் குளோமெருலஸுக்குள் இரத்தம் குறையும். இரத்தம் குறைந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் வடிகட்டல் வீதமான ஜி.எஃப்.ஆர். குறையும்."

ஒரு வாக்கியம் முடிந்த சொல்லிலேயே அடுத்தது தொடங்குகிறது. இது நமக்குப் புதிதல்ல, அந்தாதியின் கட்டுமானமே இதுதான். முந்தைய பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தலையை எடுத்துக் கொடுக்கும். ஒரு கண்ணி காதில் விழாமல் போனாலும் அடுத்த வாக்கியம் அதைத் திருப்பித் தருகிறது. காரணமும் விளைவுமாக நீளும் எந்தப் பாடத்தையும் இப்படிக் கோர்க்கலாம். 'அது', 'இது', 'மேற்கண்ட' ஆகிய சொற்களை மட்டும் கண்ட இடத்திலெல்லாம் நீக்கிவிட்டு, பெயரையே மறுபடி சொல்லுங்கள். எழுத்தில் கூறியது கூறலாகத் தெரிவது காதுக்கு உறுத்தாது.

அடுத்த இடறல், ஒலியில் ஒன்றுபோல் இருக்கும் சொற்கள். பேருந்து எஞ்சினின் தாழ்ந்த உறுமல் மெல்லிய ஒலி வேறுபாடுகளை எளிதாக விழுங்கிவிடும். அஃபெரன்ட், எஃபெரன்ட் இரண்டுக்கும் முதல் உயிரெழுத்து மட்டுமே வித்தியாசம். ஹைப்பர், ஹைப்போ என்பவற்றில் கடைசி அசை மட்டும். அதனால் சொல்லைச் சொன்ன கையோடு அடையாளத்தையும் சேருங்கள்: "அஃபெரன்ட், உள்ளே வருவது", "எஃபெரன்ட், வெளியே போவது". பரீட்சை ஆங்கிலத்தில் என்பதால் மூலச்சொல்லை விட்டுவிட முடியாது. ஆனால் அதைத் தனியாக நிற்க விடவும் கூடாது.

சமன்பாட்டை எழுத்தெழுத்தாக வாசிப்பதில் பயனே இல்லை. நிகர வடிகட்டல் அழுத்தம் நோட்டில் இப்படி இருக்கும்:

```
NFP = PG − PB − πG
10  = 60 − 18 − 32
```

'பி.ஜி.', 'பி.பி.' இரண்டும் இரைச்சலில் ஒரே ஓசைதான். எழுத்துகளை விட்டுவிட்டு, நடப்பதைச் சொல்லுங்கள்: "இரத்தத்தின் அழுத்தம் திரவத்தை வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் 60. தள்ளலை எதிர்ப்பவை இரண்டு. முதலாவது, இரத்தத்தில் உள்ள புரதம். புரதம் திரவத்தைத் திரும்ப இழுக்கிறது, 32. இரண்டாவது, பௌமன் உறையில் ஏற்கெனவே இருக்கும் திரவம். அந்தத் திரவம் எதிரே அழுத்துகிறது, 18. எதிர்ப்பு இரண்டும் சேர்த்து 50. மிச்சம் 10." அலகு மில்லிமீட்டர் பாதரசம் என்பதைத் தொடக்கத்தில் ஒருமுறை சொன்னால் போதும். 50 என்ற கூட்டுத்தொகை நோட்டில் கிடையாது. கேட்பவர் மனக்கணக்குப் போடும் நேரத்தில் அடுத்த வரி போய்விடும் என்பதால் அதை நாமே போட்டுத் தருகிறோம்.

இதுவரை சொன்னது விளக்கம். திருப்புதல் என்பது கேள்வியில்தான் நடக்கிறது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்தினார்கள். அதனால் நிமிடத்துக்கு ஒரு கேள்வியாவது ஸ்கிரிப்டில் இருக்கட்டும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஐந்து வினாடி மௌனம் வேண்டும். பேசும்போது இரண்டு வினாடியே ஐந்தாகத் தோன்றும், எனவே கடிகாரத்தைப் பார்த்தே விடுங்கள். கேள்வியும் ஒரே பதில் உடையதாக இருக்க வேண்டும். "ஜி.எஃப்.ஆரை பாதிக்கும் காரணிகள் யாவை?" என்றால் ஐந்து வினாடியில் ஒன்றும் நடக்காது. "வெளியே போகும் எஃபெரன்ட் ஓரளவு சுருங்கினால் ஜி.எஃப்.ஆர். கூடுமா, குறையுமா?" என்று கேளுங்கள். மௌனத்துக்குப் பிறகு: "கூடும். வெளிவழி குறுகினால் உள்ளே அழுத்தம் ஏறும்." அடுத்து, "மிகக் கடுமையாகச் சுருங்கினால்?" மீண்டும் மௌனம். "குறையும். கடுமையாகச் சுருங்கினால் இரத்த ஓட்டமே குறையும். ஓட்டம் குறைந்தால் உள்ளே புரதம் செறியும். புரதம் செறிந்தால் திரவத்தை இழுத்துப் பிடிக்கும்."

ஒரு கோப்புக்கு ஆறு நிமிடம் சரியாக இருக்கும். நிதானமான பேச்சில் மௌனங்களையும் சேர்த்தால் அது ஏறக்குறைய 450 தமிழ்ச் சொற்கள். ஆளுக்கு ஆள் வேகம் மாறும் என்பதால் ஒரு பத்தியை வாசித்து அளந்துகொள்ளுங்கள். நெஃப்ரானின் அமைப்பு, திசுப் படங்கள், வரைபடத்தின் வளைவு ஆகியவற்றை இதில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குக் கண்தான் வேண்டும்.

பதிவு செய்ய மின்விசிறியை அணைத்துவிட்டு, துணி நிறைந்த அலமாரிக்கு எதிரே உட்காருங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் 'ப', 'ஃப' சொல்லும்போது காற்று மோதாது. வாக்கியத்தின் கடைசியில் குரல் தணிவது பலருக்குப் பழக்கம். தமிழில் வினை அங்கேதான் இருக்கிறது, இரைச்சலில் முதலில் காணாமல் போவதும் அதுதான். கடைசிச் சொல்லை அழுத்தியே சொல்லுங்கள். பிறகு ஒலியளவைச் சமப்படுத்த, கணினியில் ffmpeg என்ற நிரலுக்கு இந்தக் கட்டளை:

```
ffmpeg -i gfr.wav -af "highpass=f=80,loudnorm=I=-16:TP=-1.5:LRA=7" -ar 44100 -ac 1 -b:a 64k gfr.mp3
```

`-ac 1` இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டினாலும் எதுவும் விடுபடாது. வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்த முறை வேண்டாம். பதில் தேடும் மனம் சாலையில் இருக்காது.

முதல் பயணத்தில் எந்த இடத்தில் பின்னால் நகர்த்திக் கேட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு முறை திரும்பியிருந்தால் வேகத்தைக் குறைக்காமல் அந்த வாக்கியத்தை உடைத்து எழுதி, அதை மட்டும் மறுபடி பதிவு செய்யுங்கள். தொடர்ந்து மூன்று பயணங்களில் குரலுக்கு முன்பே உங்கள் பதில் வந்துவிட்டால், விளக்கங்களை வெட்டிவிட்டுக் கேள்விகளையும் மௌனங்களையும் பதில்களையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆறு நிமிடக் கோப்பு இரண்டு நிமிடமாகச் சுருங்கும், மிச்ச நேரத்தில் அடுத்த பாடம் ஏறிக்கொள்ளும்.