மைதா, ஆட்டா, முழுக்கோதுமை: சொல் விளக்கம்

மைதா என்பது உருது வழியாகத் தமிழுக்கு வந்த பாரசீகச் சொல். நுண்ணியதாக அரைத்துச் சலித்தெடுத்த மாவு என்பதே அதன் பொருள். மரவள்ளிக் கிழங்கிலிருந்து மைதா எடுக்கப்படுகிறது என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள். கடைகளில் மைதா என்று விற்கப்படுவது கோதுமையிலிருந்தே வருகிறது. 2011-ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் இந்தப் பொருளையே சட்டமாக்கியிருக்கின்றன. சுத்தமான கோதுமையை அரைத்துக் கிடைக்கும் கரடான பொருள் ஆட்டா. அரைத்ததைச் சலித்து எடுக்கும் நுண்ணிய பொருள் மைதா. இரண்டும் ஒரே தானியத்தின் மாவுகளே. சல்லடையில் நின்றுவிடும் பகுதி மாவில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வேறுபாடு.

அந்தப் பகுதி என்ன என்று பார்த்தால், கோதுமை மணியின் மேல் உறையாகிய தவிடு எடையில் ஏறக்குறைய 14 விழுக்காடும், முளைக்கும் பகுதியாகிய கரு 3 விழுக்காட்டை ஒட்டியும் இருக்கின்றன; மீதமுள்ளது மாவுச்சத்து நிறைந்த வெண்ணிற உட்பகுதி. உருளை ஆலையில் மணியை உடைத்து, சுரண்டி, பலமுறை சலித்து அந்த உட்பகுதியை மட்டும் பிரித்தெடுப்பதே மைதா உற்பத்தி. கருவில் எண்ணெய் இருப்பதால் அது மாவில் கலந்தால் நாளடைவில் சிக்கு வாடை வரும். ஆகவே மாவு நெடுநாள் கெடாமலிருக்கவும் கருவை நீக்குவது ஆலைக்கு வசதியாகிறது. நாம் உப்புமாவுக்கு வாங்கும் வெள்ளை ரவையும் இதே உட்பகுதியின் பெரிய துணுக்குகள்தாம் என்பதையும், சம்பா கோதுமை ரவை மட்டுமே உமி போக மணியை அப்படியே உடைத்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனவே மைதாவுக்குத் தகுந்த தமிழ்ச்சொல் ‘தவிடு நீக்கிய கோதுமை மாவு’ என்பதே. உணவுப் பொட்டலங்களில் காணப்படும் ‘சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஏற்புடையதாக இல்லை. சுத்திகரிப்பு என்றால் அழுக்கை நீக்குவது. இங்கே நீக்கப்படுவது அழுக்கன்று, நார்ச்சத்தும் தாது உப்புகளும் செறிந்த பகுதி. ஆட்டா என்ற சொல்லும் தன்னளவில் முழுமையைக் குறிப்பதில்லை. இந்தியில் சோள மாவும் கம்பு மாவும்கூட ஆட்டா என்றே வழங்குகின்றன. ஆகவே ‘முழுக்கோதுமை மாவு’ என்று எழுதுவதே ஐயத்துக்கு இடமளிக்காது.

ஐயம் எங்கே எழும் என்பதற்கு இலங்கைத் தமிழ் நல்ல சான்று. தமிழ்நாட்டில் ‘கோதுமை மாவு’ என்று கேட்டால் சப்பாத்திக்கான பழுப்பு மாவைத் தருவார்கள். இலங்கையில் ‘கோதுமை மா’ என்றால் பாணுக்கும் ரொட்டிக்கும் பயன்படும் வெள்ளை மா; முழுக்கோதுமை வேண்டுமானால் ‘ஆட்டா மா’ என்று கேட்க வேண்டும். ஒரே பெயர் இரு கரைகளிலும் நேர்மாறான இரு மாவுகளைச் சுட்டுகிறது. யாழ்ப்பாணத்துச் சமையல் குறிப்பைச் சென்னையில் வைத்துச் செய்பவருக்கு ரொட்டி விறைத்துப் போவதற்கு இதுவே காரணமாகலாம்.

பரோட்டாவைப் பொறுத்தவரை மைதாவின் இடத்தைப் பிற மாவு பிடிப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எண்ணெயில் ஊறிய உருண்டையை வீசி, மறுபுறம் உள்ள கல் தெரியும் அளவுக்கு மெல்லிய ஏடாக்குவதற்கு, குளூட்டன் என்னும் புரதவலை அறுபடாமல் நீள வேண்டும். தவிட்டுத் துணுக்குகள் அந்த வலையை ஆங்காங்கே அறுத்துவிடுகின்றன. எனவே முழுக்கோதுமை மாவை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும், வீசும்போது ஏடு ஓட்டை விழுந்து கிழியும். அதைக் கட்டையால் தேய்த்து மடித்துத்தான் அடுக்கு உண்டாக்க முடியும். ‘கோதுமை பரோட்டா’ என்று எழுதியிருக்கும் கடையில் பரோட்டா வீச்சுக்கு எளிதாக விரிந்து, இழை இழையாகப் பிரிந்து வருமானால், அதில் மைதா கணிசமாகக் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

ரொட்டியில் கண்ணை நம்பக் கூடாது. பழுப்பு ரொட்டியின் நிறம் தவிட்டிலிருந்தும் வரலாம், எரித்த சர்க்கரைச் சாயத்திலிருந்தும் வரலாம். பின்னது உட்பொருள் பட்டியலில் INS 150a போன்ற எண்ணாகத் தெரியும். ‘பலதானியம்’ என்பதும் தானியங்கள் பல என்று மட்டுமே சொல்கிறது. அவை முழுமையானவை என்று சொல்வதில்லை. மைதாவுடன் சிறிது ஓட்ஸும் எள்ளும் ஆளி விதையும் சேர்ந்தாலே அப்பெயர் பொருந்திவிடும். முழுதானியம் என்பதற்கு அமெரிக்கத் தானிய வேதியியலாளர் சங்கம் 1999-இல் வகுத்த வரையறை தெளிவானது: மணி முழுதாக இருக்கலாம், உடைந்திருக்கலாம், மாவாகவும் இருக்கலாம், ஆனால் தவிடு, கரு, உட்பகுதி மூன்றும் மணியில் இருந்த அதே விகிதத்தில் இருக்க வேண்டும். இதன்படி மைதாவில் ஒரு கைப்பிடி தவிட்டைத் தூவிச் சுட்ட ரொட்டி முழுதானிய ரொட்டி ஆகாது.

இந்தியப் பொட்டலங்களில் இரண்டு விதிகள் வாங்குபவருக்கு உதவுகின்றன. உட்பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்தப்பட வேண்டும். முகப்பில் சொல்லாலோ படத்தாலோ ஓர் உட்பொருளை முன்னிறுத்தினால் அதன் விழுக்காட்டையும் குறிப்பிட வேண்டும். முகப்பில் கோதுமைக் கதிர் அச்சிட்ட ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பட்டியலில் மைதா 47, சர்க்கரை 22, முழுக்கோதுமை மாவு 20 விழுக்காடு என்று இருப்பதாகவும் ஒரு பிஸ்கட் 8 கிராம் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு பிஸ்கட்டில் உள்ள முழுக்கோதுமை 1.6 கிராம் மட்டுமே. ஒரு சப்பாத்திக்கு ஆகும் 30 கிராம் மாவை இந்த வழியில் பெற 19 பிஸ்கட் தின்ன வேண்டும். அவற்றோடு 71 கிராம் மைதாவும் 33 கிராம் சர்க்கரையும் உள்ளே போகும். அச்சிட்ட சொல்லில் பொய் இல்லை. ஆனால் வாங்குபவர் மனத்தில் எழும் படம் வேறு.

விழுக்காடு கண்ணுக்குப் படாத இடத்தில் நார்ச்சத்தின் அளவு கைகொடுக்கும். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப் பட்டியலின்படி, 100 கிராம் ஆட்டாவில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்தும் மைதாவில் 3 கிராமுக்கும் குறைவாகவும் உள்ளது. புரதம் இரண்டிலும் பெரிதாக வேறுபடுவதில்லை. ரொட்டியின் எடையில் மாவு ஏறக்குறைய 60 விழுக்காடு என்பதால், முழுக்கோதுமை ரொட்டியில் 100 கிராமுக்கு 6 கிராமை ஒட்டிய நார்ச்சத்தை எதிர்பார்க்கலாம். 2 அல்லது 3 என்றிருந்தால் அதில் பெரும்பகுதி மைதா. இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. தவிட்டையோ வேறு நார்ப்பொருளையோ தனியாகச் சேர்த்து அந்த எண்ணை உயர்த்திவிடலாம். அப்போது பட்டியலில் ‘கோதுமைத் தவிடு’ என்று தனிப் பெயராகவே அது தென்படும், முதலிடத்தில் மைதா நின்றுகொண்டிருக்கும்.