உதடு அசைந்தால் காதில் விழுந்ததாக அர்த்தமில்லை

முடக்குவாதத்துக்கு ஒரு டாக்டரிடம் வீடியோ அழைப்பில் ஆலோசனை பெற்ற ஓர் அம்மா, வாய் முழுக்கப் புண்ணோடும் காய்ச்சலோடும் எங்கள் வார்டுக்கு வந்தார். எச்சில் விழுங்கவே முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு 1,100. குறைந்தது 4,000 இருக்க வேண்டும். கையோடு கொண்டுவந்த மாத்திரை அட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோதே விஷயம் விளங்கிவிட்டது. மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம், எட்டு நாளில் 32 மாத்திரை காலி. வாரத்துக்கு ஒருநாள் சாப்பிட வேண்டிய மருந்தை தினமும் நாலு நாலாகச் சாப்பிட்டிருக்கிறார்.

இப்படி ஒருவர் வருவது எனக்கு முதல் தடவை இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். "வாரத்துல ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும், நாலு மாத்திரை." அம்மாவின் காதில் விழுந்தது "ஒரு நாள்" என்பதும் "நாலு மாத்திரை" என்பதும்தான். நடுவிலும் முன்னாலும் இருந்த சொற்கள் விழவில்லை. பிறகு ஏன் மறுபடி கேட்கவில்லை என்றேன். அவர் சொன்ன பதிலை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன்: "அவர் வாய் அசைஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு டாக்டர். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." பக்கத்தில் நின்ற மகனும் படம் தெளிவாக இருந்ததாகச் சாட்சி சொன்னார். படம் தெளிவாக இருந்தால் என்ன? மருந்தின் அளவு படத்திலா வருகிறது?

வீடியோ அழைப்பில் படமும் குரலும் ஒரே கயிற்றில் கட்டி வருவதில்லை. இரண்டும் தனித்தனியாகத் துண்டு துண்டாக வருகின்றன. ஒன்று தடுமாறினாலும் இன்னொன்று ஓடிக்கொண்டே இருக்கலாம். படம் உறைந்து நின்றால் எல்லோரும் உஷாராகி "ஹலோ, ஹலோ" என்கிறோம். படம் ஓடி, குரல் மட்டும் போனால் யாருக்கும் உறைப்பதில்லை. ஆபத்து இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

"சத்தம் நடுவில் நிற்கவே இல்லையே" என்பார்கள். நிற்காது. குரல் பெரும்பாலும் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நீளமுள்ள துண்டுகளாக வருகிறது. சில துண்டுகள் வராவிட்டால், முந்தின சத்தத்தை இழுத்து நீட்டி அந்த ஓட்டையை மென்பொருளே மூடிவிடுகிறது. தாமதமாக வந்ததைச் சற்று வேகமாக ஓட்டி ஈடுகட்டவும் செய்கிறது. அரட்டைக்கு இது வரம். ஆனால் "வாரத்துல" என்பது அரை நொடிச் சொல். அது போன தடமே தெரியாமல் அடுத்த சொல் வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

மிச்சத்தை உங்கள் மூளை செய்துவிடும். 1976-ல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'பா' என்ற ஒலியை ஓடவிட்டு, 'கா' என்று சொல்லும் வாயைக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டுமே இல்லாத 'டா' கேட்டது. கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் சேர்த்து மூளை ஒரு முடிவுக்கு வருகிறது, அதைக் 'கேட்டேன்' என்று நாம் நம்புகிறோம். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம் என்ற துணிச்சலும் வேண்டாம். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. க, ட, ள போன்றவை வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன. உதட்டசைவு படிப்பதில் பல வருடம் பழகியவர்களே பலவற்றைச் சந்தர்ப்பத்தை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். முதல்முறை கேட்கும் மருந்தின் அளவுக்கு என்ன சந்தர்ப்பம் இருக்கிறது, ஊகிக்க? மாத்திரை என்றால் தினமும் சாப்பிடுவது என்ற பழக்கம் ஒன்றுதான். அந்த அம்மாவின் மூளையும் அதைத்தான் எடுத்துக்கொண்டது.

மருந்துச் சீட்டில் வாரம் ஒருமுறை என்றுதான் இருந்தது. அழைப்பு முடிந்தபின் போனுக்கு வந்திருக்கிறது, கடையில் காட்டி மருந்து வாங்கியிருக்கிறார்கள். வீட்டில் யாரும் அதைத் திறந்து படிக்கவில்லை. "டாக்டரே நேர்ல சொன்னாரே" என்றார் மகன்.

சரி, எப்படிக் கேட்பது? "கேக்கல, திரும்பச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எது விழவில்லை என்று டாக்டருக்குத் தெரியாது. அவர் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிடம் பேசியதை இரண்டு வரியில் சுருக்கிச் சொல்வார், அதிலும் உங்களுக்கு வேண்டிய வரி இருக்காது. கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்லி, விழாததைக் கேளுங்கள்: "மெத்தோட்ரெக்சேட் நாலு மாத்திரைங்கிறது கேட்டுச்சு டாக்டர். எந்தெந்த நாள்னு சொன்னது விழல. அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி சொல்லுங்க."

தயவுசெய்து "தினமும்தானே டாக்டர்?" என்று கேட்டுவிடாதீர்கள். அழைப்பு ஒரு நொடி தாமதமாக ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் முந்தின கேள்விக்கு அவர் சொன்ன "ஆமா" இந்தக் கேள்விக்கான பதிலாக வந்து விழும். பதிலில் நாளும் எண்ணும் இருந்தே ஆக வேண்டிய மாதிரி கேளுங்கள். பதில் வந்ததும் நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்: "ஞாயிறு மட்டும் நாலு. மத்த ஆறு நாளும் இது கிடையாது. சரியா?" மெத்தோட்ரெக்சேட்டோடு போலிக் ஆசிட்டும் எழுதுவார்கள். இரண்டும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைகள். எது எந்த நாளில் என்பதைத் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கும் குரல் பிசிறினால் இரு பக்கமும் கேமராவை அணைத்துவிடுங்கள். படம் தின்னும் இணைய வேகம் குரலுக்குக் கிடைக்கும். டாக்டர் முகத்தைப் பார்க்காவிட்டால் மரியாதையாக இருக்காது என்று தயங்க வேண்டாம், எங்களுக்கு ஒன்றும் குறையாது. அப்போதும் சரியாகவில்லையா, சாதாரண போன் அழைப்பு, அல்லது அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள். காது மந்தமான பெரியவர்களுக்கு முதலிலிருந்தே எழுத்தில்தான் வேண்டும். உதட்டைப் பார்த்தே சமாளித்துப் பழகியவர்கள் அவர்கள், குரல் போனது அவர்களுக்குத்தான் கடைசியில் தெரியும்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்றுதான் வரும், பாதி கேட்காதவரும் அதைத்தான் சொல்வார். "எப்படிச் சாப்பிடப் போறீங்க, சொல்லுங்கம்மா" என்று கேட்க இருபது நொடி போதும். பதினைந்து என்பதை "ஒண்ணு அஞ்சு, பதினஞ்சு" என்று இருமுறை சொன்னால் வாய் தேய்ந்துவிடாது.

அந்த அம்மாவுக்கு மெத்தோட்ரெக்சேட்டின் நஞ்சை முறிக்கும் லூக்கோவோரின் கொடுத்து, தனியறையில் வைத்து, வெள்ளணு ஏறும்வரை காத்திருந்தோம். பிழைத்துக்கொண்டார். எல்லோரும் பிழைப்பதில்லை.

அழைப்பு அறுந்து அந்த ஒரு வரி கிடைக்கவே இல்லையென்றால், புதிதாக எழுதிக்கொடுத்த மெத்தோட்ரெக்சேட்டைத் தொடங்காமல் மறுநாள்வரை வைத்திருங்கள், ஒரு நாள் தாமதத்தால் முடக்குவாதம் முற்றிவிடாது. இன்சுலின், வலிப்பு மாத்திரைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவற்றில் சந்தேகம் என்றால் அன்றைக்கே, அந்த வேளை மருந்துக்கு முன்பே, போன் போட்டுக் கேட்டாக வேண்டும். ஏற்கெனவே தப்பாகச் சாப்பிட்டுவிட்டதாகத் தோன்றினால் வாய்ப்புண் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.