முகம் செல்போன் திரை அல்ல

இந்த மாதம் இது மூன்றாவது. மும்பை அந்தேரியில் நான் வேலை பார்க்கும் எடிட் அறைக்கு ஒரு விளம்பர ஷாட் வந்தது. மூன்றே விநாடி, 75 ஃபிரேம். ஜன்னல் வழியாகக் குதித்து எழுந்த டூப் கலைஞர் கேமராவைப் பார்க்கிறார். தோளில் வைத்த கேமரா இடப்பக்கம் லேசாக நகர்கிறது. அவர் முகத்தின் மேல் நடிகரின் முகத்தை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாள் போராடிவிட்டு, "பிளேனர் டிராக் முகத்துக்கு ஒத்துவராது" என்ற தீர்ப்போடு அனுப்பியிருந்தார்கள். பிளேனர் டிராக் என்றால் தட்டையான ஒரு பரப்பின் அசைவை ஃபிரேம் ஃபிரேமாகப் பின்தொடர்வது.

ஓட்டிப் பார்த்தேன். முதல் ஒரு விநாடி சரியாக இருந்தது. பிறகு ஒட்டிய முகம் மெல்லப் பின்தங்கி, கடைசி ஃபிரேமில் மூக்கு 11 பிக்சல் இடப்பக்கம் தள்ளி நின்றது. டிராக் செய்த தம்பியை ஃபைலைத் திறக்கச் சொன்னேன். நெற்றிமுடி, காது, தாடை எல்லாம் அடங்கும்படி முகத்தைச் சுற்றி ஒரே கோடு, அதுவும் வெளியே நாலு விரல் தள்ளி.

"அண்ணா, விளிம்புக்கு வெளிய கொஞ்சம் விட்டுத்தானே வரையணும்? டுடோரியல்ல அப்படித்தான் சொல்றாங்க."

சொல்வது உண்மைதான், செல்போன் திரையில் வேறு படத்தை ஒட்டுவதற்கு. திரையின் விளிம்பும் அதன் சட்டமும் ஒரே தளத்தில் சேர்ந்து நகர்கின்றன. கொஞ்சம் வெளியே விட்டால் அந்த விளிம்பு டிராக்கருக்குப் பிடிமானம். முகத்துக்கு வெளியே விட்டால் என்ன கிடைக்கும்? பின்னாலிருக்கும் சுவர். நீங்கள் வரையும் கோடு வெறும் வேலி. மென்பொருள் வேலியைப் பின்தொடர்வதில்லை, வேலிக்குள் தெரியும் புள்ளி, கோடு போன்ற டெக்ஸ்சரைப் பின்தொடர்கிறது. இந்த ஷாட்டில் வேலிக்குள் மேக்கப் போட்ட வழுவழுப்பான தோலும் இருந்தது, பின்னால் கறுப்புக் கம்பிகளோடு ஜன்னல் கிரில்லும் இருந்தது. டிராக்கர் எதைப் பிடிக்கும்? கிரில்லைத்தான். கேமரா பக்கவாட்டில் நகரும்போது அருகில் இருக்கும் முகம் வேகமாகவும் தூரத்துக் கிரில் மெதுவாகவும் நகரும். அந்த வித்தியாசம்தான் 11 பிக்சல். கேமராவும் தலையும் அசையாத ஷாட்டில் இந்தத் தவறு அவ்வளவாக வெளியே தெரியாது. லேசான அசைவு வந்தாலே காட்டிக்கொடுத்துவிடும்.

மோக்கா என்ற டிராக்கிங் மென்பொருளில் திரும்பச் செய்தோம். முதல் ஃபிரேமில் ஆரம்பிக்கவில்லை. முகம் நேராகவும் கூர்மையாகவும் இருந்த 38-வது ஃபிரேமை எடுத்து, அங்கிருந்து முன்னும் பின்னும் டிராக் செய்தோம். நெற்றிமுடிக்குக் கீழே தொடங்கி புருவம், மூக்குத்தண்டு, கன்னத்தின் மேல்பகுதி வரை மட்டும் வரைந்தோம். இமைக்கும் கண்கள் இரண்டுக்கும் அதே லேயரில் உள்வட்டம் போட்டு ஓட்டை விட்டோம். வாயும் தாடையும் மண்டையோட்டோடு சேர்ந்து அசைவதில்லை, அவை வேண்டாம். இடம்மாற்றம், அளவு, சுழற்சி மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்தோம்.

அதே பட்டியலில் இருக்கும் பெர்ஸ்பெக்டிவ்வை அணைத்து வையுங்கள், தயவுசெய்து. அதைப் போட்டால் முகம் முப்பரிமாணத்தில் பிடிபடும் என்று நினைக்கிறார்கள். இவ்வளவு சின்னப் பரப்பில், புருவம் லேசாக உயர்ந்தாலே அதைச் சாய்வு என்று எடுத்துக்கொண்டு ஒட்டிய முகத்தை ஜெல்லி மாதிரி ஆட்டும். தலை நன்றாகத் திரும்பும் ஷாட் என்றால் இந்த முறையே வேண்டாம். கன்னத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு தனியாக நகரும், எந்தத் தட்டையான தளமும் அதற்குப் பொருந்தாது. கேமரா ஆளைச் சுற்றி வளைந்து போனாலும் அதே கதைதான்.

சரிபார்க்காமல் முகத்தை ஒட்டாதீர்கள். டிராக் சட்டத்தின் நாலு மூலைகளைக் கண் ஓரங்களிலும் வாய் ஓரங்களிலும் வைத்து, மென்பொருளில் படத்தை முகத்தின் மேல் நிலைநிறுத்தி ஓட்டுங்கள். முகம் அசையாமல் நிற்க, அறை ஆட வேண்டும். ஒரு மச்சத்தையோ புருவ நுனியையோ மட்டும் பாருங்கள். எங்கள் டூப்புக்கு இடப்புருவ ஓரத்தில் சின்னத் தழும்பு இருந்தது. 60-வது ஃபிரேமுக்குப் பிறகு அது இரண்டு பிக்சல் வழுகியது. ஒரே ஒரு இடத்தில் கையால் திருத்தினோம், போதும். ஃபிரேமுக்கு ஃபிரேம் கையால் திருத்தினால் முகம் துடிக்கும். அப்படித் திருத்த வேண்டிவந்தால் வரைந்த இடமே தவறு, திரும்ப வரையுங்கள். மோஷன் பிளர், கிரெய்ன், நிறம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஷூட்டிங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடிகரின் முகத்தை, டூப்பை எடுத்த அதே கோணம், அதே கேமரா உயரம், அதே பக்கத்து வெளிச்சத்தில் எடுத்துக்கொடுங்கள். முகம் மாற்றப்போகிறோம் என்று நடிகரிடமும் டூப்பிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் ஃபைலை எங்களுக்கு அனுப்பவே வேண்டாம். டூப்பின் முன்முடியைப் பின்னால் வாரிவிட்டு, புருவத்துக்கு மேல் இரண்டும் கன்ன எலும்பில் இரண்டுமாக ஐலைனரால் பொட்டு வையுங்கள். அழிக்க எங்களுக்கு வேலை வருமே என்று தயங்காதீர்கள். ஒட்டப்போகும் முகம் அவற்றை மூடிவிடும்.